கணக்கு முடிந்தது என்று எழுதிய பிறகு வந்த பில்

கேள்வி

நான் சிறிய அளவில் சரக்குப் போக்குவரத்து ஏஜென்சி நடத்துகிறேன். ஒரு வாடிக்கையாளரின் இரண்டு கன்டெய்னர்களை மார்ச் 10-ஆம் தேதி துறைமுகத்திலிருந்து எடுத்து அவர்கள் கிடங்கில் சேர்த்தோம். மார்ச் 18-இல் இன்வாய்ஸ் 412-ஐ அனுப்பினேன். கூடவே போட்ட மெயிலில், "இத்துடன் இந்தச் சரக்கின் கணக்கு முடிந்தது" என்று எழுதிவிட்டேன். ஏப்ரல் 2-ஆம் தேதி முழுப் பணமும் வந்துவிட்டது. ஏப்ரல் 9-இல் கப்பல் நிறுவனம் கன்டெய்னர் தாமதக் கட்டணமாக 10,800 கேட்டு பில் அனுப்பியது. பழைய ஃபைலைப் புரட்டியபோது, சுங்கப் பரிசோதனைக்குத் துறைமுகத்தில் கட்டிய 2,500-ஐயும், கொட்டேஷனில் இருந்த ஆவணக் கட்டணம் 1,500-ஐயும் போடாமல் விட்டது தெரிந்தது. லாரிக்கும் நாங்கள் சொன்னதைவிட 2,000 கூடுதலாகிவிட்டது. எல்லாம் சேர்த்து, "கூடுதல் செலவுகள்: 16,800. உடனே செலுத்தவும். சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று டெபிட் நோட் 6-ஐ அனுப்பினேன். அவர்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவு, "டெபிட் நோட் என்பது வாங்குபவர் அனுப்புவது, நீங்கள் எப்படி அனுப்பலாம்?" என்று திருப்பிவிட்டது. பழைய இன்வாய்ஸை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போடலாமா? அல்லது டெபிட் நோட்டையே சரியான வாசகத்தில் எழுதலாமா? கப்பல் நிறுவனமான லைன் என்னிடம் வாங்கிவிட்டதை நான் வாடிக்கையாளரிடம் வாங்குவதில் என்ன தவறு?

பதில்

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வாசகம் தவறிப்போனதே அங்கேதான். லைன் உங்களிடம் பணம் வாங்கிவிட்டது என்பது உங்களுக்கும் லைனுக்கும் உள்ள கணக்கு. வாடிக்கையாளர் உங்களுக்குத் தர வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பது வேறு இரண்டு விஷயங்கள்: அந்தச் செலவை அவர் ஏற்பதாக உங்கள் கொட்டேஷனோ ஒப்பந்தமோ சொல்கிறதா, அந்தச் செலவு அவர் பக்கத்துக் காரணத்தால் வந்ததா. இதைப் பார்க்காமல் நான்கு தொகைகளையும் கூட்டி ஒரே வரியில் போட்டதால்தான், நியாயமான தொகைகளும் நியாயமில்லாத தொகையோடு சேர்ந்து திரும்பி வந்தன.

அவர்கள் சொன்ன காரணமும் பாதிதான் சரி. வாங்குபவரும் டெபிட் நோட் அனுப்புவார்: சரக்கு குறைந்தாலோ திருப்பி அனுப்பினாலோ, "உங்கள் கணக்கில் இவ்வளவு கழித்துக்கொள்கிறோம்" என்று சொல்ல. விற்பவரும் அனுப்பலாம்: முன்பு போட்ட இன்வாய்ஸில் குறைவாகப் போட்டதைக் கூட்டிக் கேட்க. யார் அனுப்புகிறாரோ அவருடைய பேரேட்டில் எதிராளியின் கணக்கு பற்று வைக்கப்படுகிறது. பெயர் அங்கிருந்து வந்ததுதான். நிறுவனங்களுக்கிடையே மின்னணு ஆவணங்கள் பரிமாற ஐ.நா. வகுத்த குறியீட்டுப் பட்டியலில்கூட இன்வாய்ஸுக்கு 380, கிரெடிட் நோட்டுக்கு 381, டெபிட் நோட்டுக்கு 383, திருத்தப்பட்ட இன்வாய்ஸுக்கு 384 என்று தனித்தனி எண்கள் உண்டு. ஆனால் இதை வைத்து அந்த அக்கவுண்ட்ஸ் ஊழியருடன் வாதாட வேண்டாம். அவர் மேசையில் பார்க்கும் டெபிட் நோட்டுகளில் பெரும்பாலானவை அவரே அனுப்பியவை. தலைப்பிலேயே "வழங்கிய சேவைக்கான கூடுதல் கட்டணம், சேவை வழங்குபவர் அனுப்புவது" என்று போட்டுவிட்டால் அவருக்குக் குழப்பம் இருக்காது. சில இடங்களில் இதே ஆவணத்தைத் துணை இன்வாய்ஸ் என்பார்கள். அவர்கள் கணினி அமைப்பு அந்தப் பெயரில்தான் ஏற்கும் என்றால், உங்கள் வரிச் சட்டம் அனுமதிக்கும்வரை அந்தப் பெயரிலேயே கொடுத்துவிடுங்கள்.

பழைய இன்வாய்ஸைத் தொட வேண்டாம்

இன்வாய்ஸ் 412-இல் போட்ட எதுவும் தவறில்லை. அதற்குப் பணமும் வந்துவிட்டது. அவர்கள் அதைச் செலவில் எழுதி, வரிக் கணக்கிலும் காட்டியிருப்பார்கள். இப்போது அதை ரத்து செய்தால், வந்த பணம் எந்த இன்வாய்ஸுக்கு எதிரானது என்பதே தொங்கலில் நிற்கும். இரு பக்கமும் தாக்கல் செய்த வரிக் கணக்கைத் திருத்த வேண்டியிருக்கும். ரத்து செய்து மறுபடி போடுவது, அனுப்பிய அன்றோ மறுநாளோ, எதிராளி இன்னும் பதிவு செய்யாதபோது தெரிந்த பிழைக்குத்தான் பொருந்தும். அதேபோல "திருத்தப்பட்ட இன்வாய்ஸ்" என்ற சொல்லையும் தவிர்க்கவும். அதைப் பார்த்தவர், பழைய தொகை போய்ப் புதிய தொகை வந்திருக்கிறது என்று படிப்பார். அல்லது இரண்டையும் தனித்தனி இன்வாய்ஸ் என்று நினைத்து ஒன்றை நிராகரிப்பார்.

டெபிட் நோட் பழைய இன்வாய்ஸின் மேல் நிற்பது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு மதிப்புக் கூட்டு வரி நெறிமுறையில் 219-ஆம் பிரிவு, முதல் இன்வாய்ஸைத் திருத்தும் ஆவணம் அதைக் குறிப்பாகவும் ஐயத்துக்கு இடமின்றியும் சுட்ட வேண்டும், அப்போதுதான் அதுவும் இன்வாய்ஸாகக் கொள்ளப்படும் என்கிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தின் சொற்கள் வேறாக இருக்கலாம். ஆனால் எந்த இன்வாய்ஸ், என்ன தேதி என்று இல்லாத டெபிட் நோட் எங்கேயும் தடுமாறும். உங்கள் ஆறாம் எண் நோட்டில் அது இல்லை.

நான்கு தொகையும் ஒரே ரகம் இல்லை

இதற்குத்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் லைன் கேட்ட 10,800. நீங்கள் தாமதக் கட்டணம் என்று பொதுவாக எழுதியிருக்கிறீர்கள். கன்டெய்னர் துறைமுகத்துக்குள் இலவச நாட்களைத் தாண்டிக் கிடந்தால் அது டெமரேஜ். வெளியே எடுத்துச் சென்று, காலியாகத் திருப்பித் தரத் தாமதமானால் அது டிடென்ஷன். உங்களுடையது டிடென்ஷன். இந்தச் சொல்லை மாற்றிப் போட்டால், "துறைமுகத்தில் கிடந்ததற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு?" என்ற கேள்வி வந்து ஒரு வாரம் போகும்.

நீங்கள் இணைத்திருந்த தாள்களைப் பார்த்தேன். துறைமுகத்தை விட்டு மார்ச் 10-இல் வெளியேறியதற்குக் கேட் சீட்டு இருக்கிறது. காலிக் கன்டெய்னர்கள் 22-ஆம் தேதி யார்டுக்குத் திரும்பியதற்கு ரசீது இருக்கிறது. லைன் கொடுத்த இலவச நாட்கள் 7. வெளியேறிய நாளையும் சேர்த்து 10 முதல் 16 வரை. 17 முதல் 22 வரை 6 நாட்கள், 2 கன்டெய்னர்கள், நாளொன்றுக்குக் கன்டெய்னருக்கு 900. ஆக 10,800. லைனின் கணக்கு சரி.

ஆனால் மூன்றாவதாக ஒரு தாள் இருக்கிறது. வாடிக்கையாளரின் கிடங்குப் பொறுப்பாளர் கையெழுத்திட்ட இறக்குச் சீட்டு. அதில் இரண்டு கன்டெய்னர்களும் காலியானதாக மார்ச் 20, மாலை 6 மணி என்று எழுதியிருக்கிறார். அப்படியானால் 21-ஆம் தேதியும் 22-ஆம் தேதியும் அவர்கள் கிடங்கில் வேலை இல்லை. உங்கள் லாரி உடனே வந்து காலிப் பெட்டியை எடுக்கவில்லை. காலிக் கன்டெய்னரைத் திருப்பிச் சேர்ப்பது உங்கள் வேலை என்று உங்கள் கொட்டேஷனே சொல்கிறது. ஆகவே வாடிக்கையாளருக்கு 17 முதல் 20 வரை 4 நாட்கள்: 2 × 4 × 900 = 7,200. மீதி 3,600 உங்களுக்கும் லாரிக்காரருக்கும் இடையே தீர வேண்டியது. அந்த இறக்குச் சீட்டின் நகல் அவர்களிடமும் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். நீங்கள் 6 நாள் கேட்டு, அவர்கள் அந்தச் சீட்டை நீட்டினால், மற்றத் தொகைகளையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

இரண்டாவது, பரிசோதனைக்காகக் கட்டிய 2,500. சுங்கம் ஒரு பெட்டியைப் பரிசோதனைக்கு இழுத்ததற்கு நீங்களும் காரணமில்லை, அவர்களும் காரணமில்லை. ஆனால் "அரசு மற்றும் துறைமுகக் கட்டணங்கள் ரசீதுப்படி" என்று கொட்டேஷனில் போட்டிருக்கிறீர்கள். ரசீது வாடிக்கையாளர் பெயரில் இருக்கிறது. ஆகவே நீங்கள் அவர் சார்பில் கட்டிய பணம் அது. அதைத் திரும்பக் கேட்கிறீர்கள். லாபம் சேர்க்காமல், ரசீதில் உள்ள தொகையையே கேட்க வேண்டும்.

மூன்றாவது, ஆவணக் கட்டணம் 1,500. ஒப்புக்கொண்ட தொகை, வேலையும் நடந்தது, உங்கள் அலுவலகத்தில் விட்டுப்போனது. கேட்க உரிமை உண்டு. ஆனால் நான்கில் இரண்டாவது பலவீனமான கோரிக்கை இதுதான். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

நான்காவது, லாரிக்குக் கூடிய 2,000. இதை விட்டுவிடுங்கள். லாரிக்கு 6,000 வீதம் என்று நிலையான விலை கொடுத்தீர்கள். எரிபொருள் விலையைக் கொண்டு மாறும் என்ற நிபந்தனை எதுவும் கொட்டேஷனில் இல்லை. 5,000-க்கு லாரி கிடைத்திருந்தால் மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பீர்களா? டெபிட் நோட் முன்பு ஒப்புக்கொண்டதில் விடுபட்டதைக் கேட்கும் தாள். விலையை மறுபடி பேச அதைப் பயன்படுத்தினால் வாடிக்கையாளர் கோபப்படுவது நியாயம்தான்.

அந்த ஒரு வரி

"இத்துடன் இந்தச் சரக்கின் கணக்கு முடிந்தது." இதை எழுதியதால் எல்லாமே போய்விட்டது என்று நீங்கள் பயப்படத் தேவையில்லை. எதுவும் போகவில்லை என்று நான் சொல்லவும் மாட்டேன். இன்வாய்ஸில் உள்ள தொகையை அவர் முழுதாகக் கட்டினார் என்பதால் மட்டும், அதில் இல்லாத தொகையைக் கேட்கும் உரிமை பொதுவாகப் போய்விடுவதில்லை. ஆனால் கணக்கு முடிந்தது என்று நீங்களே எழுதி, அதை நம்பி அவர் தன் பொருளின் அடக்க விலையைக் கணக்கிட்டு விற்றும் விட்டார் என்றால், பின்னால் கேட்பது கடினமாகும்.

இங்கே உங்களுக்குச் சாதகமாக ஒன்று இருக்கிறது. நீங்கள் அந்த மெயிலை அனுப்பிய மார்ச் 18 அன்று கன்டெய்னர்கள் இரண்டும் அவர்கள் கிடங்கு வாசலில் நின்றுகொண்டிருந்தன. இலவச நாட்கள் 16-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதும் அவர்களுக்குத் தெரியும். சரக்கு வந்துசேர்ந்த அறிவிப்பில் நீங்கள் தேதியோடு எழுதியிருக்கிறீர்கள். அதனால் டிடென்ஷன் வராது என்று அவர்கள் நம்பியதாகச் சொல்ல முடியாது. பரிசோதனைக் கட்டணமும் அவர்கள் பெயரிலேயே ரசீதாக இருக்கிறது. ஆவணக் கட்டணம் அப்படி இல்லை. அது அன்றே உங்களுக்குத் தெரிந்த தொகை. தெரிந்தும் போடாமல் கணக்கை முடித்ததாக எழுதினீர்கள். அவர்கள் மறுத்தால் அந்த 1,500-க்காக நான் உங்களை வழக்கறிஞரிடம் அனுப்ப மாட்டேன்.

ஆகவே இரண்டு நோட்டுகளாகப் பிரித்து அனுப்பச் சொல்கிறேன். டிடென்ஷனும் பரிசோதனையும் ஒன்றில், ஆவணக் கட்டணம் இன்னொன்றில். பெரிய நிறுவனங்களின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஒரு தாளைப் பாதி ஏற்று, பாதி மறுப்பதற்குப் பெரும்பாலும் வழி இருக்காது. ஒரு வரியில் தகராறு என்றால் முழுத் தாளும் நிறுத்தி வைக்கப்படும். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதை அனுபவித்தேன். நியாயமான பெரிய தொகையோடு ஒரு சின்னக் கூரியர் கட்டணத்தைச் சேர்த்தேன். கூரியருக்கு யார் ஒப்புதல் கொடுத்தது என்று தேடுவதிலேயே இரண்டு மாதம் ஓடியது. பெரிய தொகையை யாருமே எதிர்க்கவில்லை.

வாசகம்

ஆறாம் எண் நோட்டை முதலில் எழுத்தில் திரும்பப் பெறுங்கள். அதை உங்கள் வரி அமைப்பில் ஏற்கெனவே பதிவேற்றியிருந்தால், அழிக்க முயலாமல் கிரெடிட் நோட் போட்டு நேர் செய்யுங்கள். வெறும் தாளாக அனுப்பியிருந்தால் "ரத்து" என்று குறித்துக் கோப்பில் வையுங்கள். எண் வரிசையில் இடைவெளி விடக் கூடாது.

பிறகு இப்படி எழுதலாம்:

> டெபிட் நோட் எண் 7 (வழங்கிய சேவைக்கான கூடுதல் கட்டணம், சேவை வழங்குபவர் அனுப்புவது)
>
> தேதி: ஏப்ரல் 24
>
> தொடர்புடைய இன்வாய்ஸ்: எண் 412, தேதி மார்ச் 18
>
> இன்வாய்ஸ் 412-இல் உள்ள தொகைகளில் மாற்றம் இல்லை. அதில் சேர்க்கப்படாத கீழ்க்கண்ட கட்டணங்கள் அதற்கு மேல் கூடுதலாக உங்கள் கணக்கில் பற்று வைக்கப்படுகின்றன.
>
> 1\. கன்டெய்னர் டிடென்ஷன், மார்ச் 17 முதல் 20 வரை. 2 கன்டெய்னர்கள் × 4 நாட்கள் × 900 = 7,200. இன்வாய்ஸ் தேதியில் கன்டெய்னர்கள் இன்னும் திரும்பாததால் இத்தொகை அப்போது தெரியவில்லை. கப்பல் நிறுவனத்தின் பில் ஏப்ரல் 9-இல் வந்தது. பில்லில் உள்ள 6 நாட்களில் மார்ச் 21, 22 ஆகிய இரண்டு நாட்களுக்கான 3,600 உங்களிடம் கோரப்படவில்லை. அடிப்படை: கொட்டேஷனின் 5-ஆம் நிபந்தனை.
>
> 2\. ஒரு கன்டெய்னரின் சுங்கப் பரிசோதனைக்காக உங்கள் சார்பில் துறைமுகத்தில் செலுத்தியது, ரசீதுப்படி: 2,500. அடிப்படை: கொட்டேஷனின் 6-ஆம் நிபந்தனை.
>
> வரி (வரிசை 1-க்கு மட்டும், 10 விழுக்காடு): 720
>
> மொத்தம்: 10,420
>
> செலுத்த வேண்டிய நாள்: இந்த நோட்டின் தேதியிலிருந்து 30 நாட்கள்.
>
> டெபிட் நோட் எண் 6 ரத்து செய்யப்பட்டது. அதற்குப் பணம் செலுத்த வேண்டாம்.
>
> இணைப்பு: கப்பல் நிறுவன பில், கேட் சீட்டு, இறக்குச் சீட்டு, காலிக் கன்டெய்னர் ரசீது, துறைமுக ரசீது.

இதில் சில சொற்களை நான் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன். "இத்தொகை அப்போது தெரியவில்லை" என்ற வரிதான் படிப்பவரின் முதல் கேள்விக்குப் பதில்: இதை ஏன் முன்பே போடவில்லை? எந்தத் தேதியில், எந்தத் தாள் வந்து தெரிந்தது என்று சொல்லிவிட்டால் மன்னிப்புக் கேட்கும் வரி தேவைப்படாது. உங்கள் பழைய நோட்டில் மன்னிப்பு இருந்தது, காரணம் இல்லை. அதைப் படிப்பவருக்கு உங்கள் தவறுக்கு அவர்கள் பணம் கட்டுவதாகத்தான் தோன்றும்.

லைனின் பில்லை மறைக்காமல் இணைத்து, அதில் எவ்வளவு கோரவில்லை என்பதையும் நோட்டிலேயே சொல்லியிருக்கிறேன். பில்லில் 10,800, நோட்டில் 7,200 என்று இருந்தால் சரிபார்ப்பவர் நின்றுவிடுவார். வித்தியாசம் விளக்கப்பட்டிருந்தால் நகர்வார்.

டிடென்ஷனை "அபராதம்" என்று எங்கேயும் எழுத வேண்டாம். பல நிறுவனங்களில் அபராதத்துக்குத் தனி ஒப்புதல் வேண்டும். வரி விதிப்பும் சில நாடுகளில் மாறும். "பாக்கி", "இதர செலவுகள்", "எங்களுக்கு ஏற்பட்ட நஷ்டம்" ஆகிய சொற்களும் அப்படித்தான். நஷ்டம் என்று எழுதினால் இழப்பீடு கேட்பதாகிவிடும்.

வரியை முதல் வரிசைக்கு மட்டும் போட்டிருப்பதைக் கவனியுங்கள். டிடென்ஷன் பில் உங்கள் பெயரில் வந்து நீங்கள் மேலே அனுப்புவதால் அது உங்கள் சேவையின் விலையோடு சேர்கிறது என்று கொண்டு, இன்வாய்ஸ் 412-இல் போட்ட அதே வீதத்தை எடுத்தேன். துறைமுக ரசீது அவர்கள் பெயரில் இருப்பதால், நீங்கள் வெறுமனே முன்பணமாகக் கட்டியதாகக் கொண்டு வரி போடவில்லை. இந்தப் பிரிவினை பல நாடுகளில் இப்படித்தான். உங்கள் இடத்து விதியை உங்கள் தணிக்கையாளர் ஒரு முறை பார்த்துச் சொல்லட்டும். லைனின் பில்லில் 10,800-க்கு மேல் தனியாக வரி இருந்து, அதை நீங்கள் வரவாக எடுத்துக்கொள்ள முடியும் என்றால், அந்த வரியையும் சேர்த்து வாடிக்கையாளரிடம் கேட்டு அதன் மேல் மறுபடி வரி போட்டுவிடாதீர்கள். இந்தப் பிழையைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன்.

கெடு நாள் புதிய நோட்டின் தேதியிலிருந்துதான் ஓட வேண்டும். "உடனே" என்று எழுதினால் எந்தக் கணினியிலும் பதிவாகாது. பழைய இன்வாய்ஸின் கெடுவிலிருந்து தாமத வட்டி கேட்கும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். கேட்காத பணத்துக்கு வட்டி இல்லை.

ஆவணக் கட்டணத்துக்கான எட்டாம் எண் நோட்டில் அதே அமைப்பு, காரணம் மட்டும் வேறு: "எங்கள் கொட்டேஷனில் நீங்கள் ஒப்புக்கொண்ட ஆவணக் கட்டணம் இன்வாய்ஸ் 412-இல் எங்கள் தரப்பில் விடுபட்டுவிட்டது." தொகை 1,500, வரி 150, மொத்தம் 1,650. இங்கே தவறு உங்களுடையது. அதை நேராகச் சொல்வதுதான் அழகு. "அப்போது தெரியவில்லை" என்று முதல் நோட்டின் வார்த்தையை இதற்கும் போட்டால் அது உண்மையாகாது.

யாருக்கு முதலில் அனுப்புவது

நோட்டை நேரே அக்கவுண்ட்ஸுக்கு அனுப்பியது உங்கள் இன்னொரு சறுக்கல். அவர்களிடம் இருப்பது ஒரு கொள்முதல் ஆணை, அதில் ஒரு தொகை. அதற்கு மேல் வரும் எதையும் மறுப்பதுதான் அவர்கள் வேலை. அந்தச் சரக்கை உங்களிடம் ஒப்படைத்தவருக்கு முதலில் போன் செய்யுங்கள். கிடங்கில் 20-ஆம் தேதி வரை ஏன் இறக்க முடியவில்லை என்று அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். பேசியதும் ஒரு மெயில் போடுங்கள்:

> "ஐயா, பேசியபடி, இன்வாய்ஸ் 412-க்கான சரக்கில் மார்ச் 17 முதல் 20 வரையிலான டிடென்ஷனுக்கும் சுங்கப் பரிசோதனைக்கும் வரியுடன் 10,420-க்கு டெபிட் நோட் அனுப்ப இருக்கிறோம். வரைவும் ஆதாரங்களும் இணைப்பில். முன்பு அனுப்பிய 16,800-க்கான நோட்டைத் திரும்பப் பெறுகிறோம். கணக்கு முடிந்ததாக மார்ச் 18-இல் எழுதியபோது கன்டெய்னர்கள் இன்னும் திரும்பியிருக்கவில்லை. நாட்களின் எண்ணிக்கையில் மாறுபாடு இருந்தால் தெரிவியுங்கள். சரியென்றால், கொள்முதல் ஆணையில் இத்தொகையைச் சேர்த்து ஒரு வரி பதில் போடக் கேட்டுக்கொள்கிறேன்."

அவர் பதில் வந்ததும் அதையும் இணைத்து, இறுதி நோட்டை அக்கவுண்ட்ஸுக்கு அனுப்புங்கள். அவர் 4 நாளில் ஒரு நாளை மறுத்தால், நோட் வெளியே போகும் முன்பே குறைத்துவிடலாம். போன பிறகு குறைக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு கிரெடிட் நோட், அதற்கு ஒரு ஒப்புதல் என்று வேலை இரட்டிக்கும்.

இனி கன்டெய்னர் திரும்புவதற்குள் இன்வாய்ஸ் போட வேண்டியிருந்தால், "கணக்கு முடிந்தது" என்ற இடத்தில் இதை எழுதுங்கள்: "காலிக் கன்டெய்னர்கள் இன்னும் திரும்பவில்லை. டிடென்ஷன் ஏதும் வந்தால் கப்பல் நிறுவன பில்படி தனி டெபிட் நோட்டாக வரும்."

மீதமுள்ள 3,600-க்கு நீங்களும் ஒரு டெபிட் நோட் எழுத வேண்டியிருக்கிறது. இந்த முறை நீங்கள் வாங்குபவர், லாரிக்காரர் விற்பவர். அந்த அக்கவுண்ட்ஸ் ஊழியர் சொன்ன ரகம் இதுதான். 20-ஆம் தேதி மாலை காலியானதாக லாரிக்காரருக்கு நீங்கள் தகவல் கொடுத்த நேரம் உங்கள் போனில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 22-ஆம் தேதி காலையில்தான் சொன்னீர்கள் என்றால் அந்த நோட்டை எழுத வேண்டாம்.